விருப்ப ஓய்வுத் திட்டம்: சுற்றறிக்கை குறித்த அறிவிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

விருப்ப ஓய்வு விண்ணப்பத்திற்கு வரும் 14ஆம் தேதி மாலை 5 மணி கடைசி என்றாலும், நிர்வாகத்தின் சுற்றறிக்கை ஈட்டுத்தொகையைக் கணக்கிடும் முறையைத் தெளிவாகச் சொல்லவில்லை.

1. நமக்கு அறிவித்திருப்பது குஜராத் முறை. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள், மீதமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் ஊதியம். 2019இல் பி.எஸ்.என்.எல். ஊழியர்களுக்கும் இதுவே அளவுகோல். ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி சேராது.

2. மாத ஊதியம் ரூ.60,000, முடித்த பணி 24 ஆண்டு, மீதம் 6 ஆண்டு என்றால் 840 + 150 = 990 நாள். மாத ஊதியத்தை 30ஆல் வகுத்தால் ரூ.19.80 லட்சம், பணிக்கொடைக்கு வகுப்பதுபோல் 26ஆல் வகுத்தால் சுமார் ரூ.22.85 லட்சம். மூன்று லட்ச வித்தியாசம் ஒரே ஓர் எண்ணில் இருக்க, சுற்றறிக்கையில் அந்த எண்ணே இல்லை.

3. உச்சவரம்பையும் கேட்க வேண்டும். மீதமுள்ள மாதங்களின் மொத்த ஊதியத்தைத் தொகை தாண்டக் கூடாது என்பது வழக்கமான விதி. அதே ஊதியத்தில் 28 ஆண்டு முடித்து 2 ஆண்டே மீதமிருப்பவருக்கு 30ஆல் வகுத்த கணக்கு ரூ.20.60 லட்சம் காட்டினாலும், கையில் கிடைப்பது ரூ.14.40 லட்சமே. ஓய்வை நெருங்கியவர்கள் இதைக் கவனிக்கவும்.

4. பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் தனியாக வருமா, தவணையா, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமா என்பவற்றுக்கும் எழுத்துப்பூர்வ பதில் தேவை.

இவற்றைக் கேட்டு நிர்வாகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்திட விரும்புவோர் புதன் இரவு 8 மணிக்குள் பெயரும் பணியாண்டும் இங்கே பதிவிடவும். பதில் வரும்வரை விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டாம்.

– ஒருங்கிணைப்பாளர்