அப்பா பெயரில் இருக்கும் கரண்ட் பில்: கொங்கு வட்டார வங்கிக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்து வங்கிக் கிளை மேலாளர்களுக்கும், புதுக் கணக்குத் தொடங்கும் கவுண்டரில் இருக்கும் அலுவலர்களுக்கும் வணக்கமுங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளைச் சம்பளக் கணக்குத் தொடங்க உங்களிடம் அனுப்பி வைப்பதும் என் வேலைதான். அதில் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் பலர் கணக்குத் தொடங்காமலே திரும்பி வருகிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "எம்பேர்ல அட்ரஸ் ப்ரூஃப் கொண்டாரச் சொல்லிட்டாங்கண்ணா."

இருபது வயதுப் பிள்ளையின் பெயரில் வீட்டில் என்னங்க இருக்கும்? கரண்ட் இணைப்பு அப்பா பெயரில். பாகம் பிரிக்காத குடும்பமாக இருந்தால் இன்னும் அப்பாரு பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், அவர் காலமாகி எத்தனையோ வருடம் ஆகியிருந்தாலும். வீட்டு வரி ரசீதும் அப்படியே. கேஸ் புத்தகம் அம்மா பெயரில். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்கும், ஆனால் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை என்று நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள். அது சரிதான், பட்டியலில் இல்லை.

நீங்கள் விதியை மீறச் சொல்லி இதை எழுதவில்லை. அப்பா பெயரில் இருக்கும் பில்லைப் பிள்ளையின் முகவரிச் சான்றாக நேரடியாக வைத்துக்கொள்ள இன்றைய விதியில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் இருந்தது. உறவினர் பெயரிலுள்ள பில்லோடு, "இவர் என் மகள், என்னோடுதான் குடியிருக்கிறார்" என்று அந்த உறவினர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று ரிசர்வ் வங்கியின் பழைய சுற்றறிக்கைகள் சொன்னன. அந்த நினைப்பில்தான் இன்றும் பல அப்பாக்கள் மகளுடன் வந்து வரிசையில் நிற்கிறார்கள். இப்போது செல்லுபடியாகும் ஆவணங்கள் ஆறு: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் பெயரும் முகவரியும் உள்ள கடிதம். இந்த ஆறில் ஏதாவது ஒன்று பிள்ளையின் பெயரில் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த ஒன்றை வாங்குவதற்கு அப்பா பெயரில் இருக்கும் காகிதம் உதவும். "இது செல்லாது" என்பதோடு நிறுத்திவிடாமல் இந்த இரண்டாவது விஷயத்தையும் கவுண்டரிலேயே சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நடந்த ஒன்றையே சொல்கிறேன். தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் அவிநாசிக்கு அருகே சொந்த வீடு கட்டிக் குடிவந்தது. மகள் எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தாள். அவள் ஆதாரில் இருப்பது பழைய ஊர் முகவரி. புது வீட்டுக் கரண்ட் இணைப்பு அப்பா பெயரில். அவள் ஆதார் நகலையும் கரண்ட் பில்லையும் நீட்டினாள். முகவரி ஒத்துப்போகவில்லை, பில்லும் அவள் பெயரில் இல்லை என்று கிளையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே வி.ஏ.ஓ.விடம் இருப்பிடச் சான்று வாங்கி வரவும் சொன்னார்கள். அந்தச் சான்று மேலே சொன்ன ஆறிலும் இல்லை. வாங்கிக்கொண்டு போயிருந்தாலும் அதுவும் செல்லாது.

அங்கே என்ன செய்திருக்கலாம்? ஆதாரைக் காகித நகலாக வாங்காமல், அவள் சம்மதத்துடன் கைரேகை வைத்து இ-கேஒய்சி செய்திருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். அப்படி ஆதார் எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கும் வாடிக்கையாளர், ஆதாரில் இருப்பதிலிருந்து வேறான தற்போதைய முகவரியைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலிலேயே இதற்கு இடமிருக்கிறது. பில் எதுவும் வேண்டியதில்லை. நகலாக வாங்கினால்தான் கதை வேறு. அப்போது முகவரி மாறியிருந்தால் கரண்ட், தண்ணீர், போஸ்ட்பெய்டு போன் பில்லோ வீட்டு வரி ரசீதோ தற்காலிகமாக ஏற்கப்படும், மூன்று மாதத்துக்குள் புதிய முகவரியுள்ள ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். அந்த பில்லை வாடிக்கையாளர் பெயரில்தான் கேட்பீர்கள். ஆக, இவளைப் போன்றவர்களை நகல் வழியில் விட்டால் கட்டாயம் முட்டி நிற்பார்கள், கைரேகை வழியில் விட்டால் தாண்டிவிடுவார்கள். எந்த வழி என்பதை முடிவு செய்வது வாடிக்கையாளர் இல்லை, அவருக்கு இப்படி இரண்டு வழி இருப்பதே தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இடையில் ஒன்று. பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது விதி. நம் ஊரில் வீட்டுக் கரண்ட் கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். அடுத்த ரீடிங் நாலு நாள் தள்ளிப்போனால் கையில் இருக்கும் பில் செல்லாததாகிவிடும். தன் பெயரிலேயே இணைப்பு வைத்திருக்கும் பெரியவர்கள்கூட இதில் சிக்குகிறார்கள். அதைப் பார்த்தவுடனே "அடுத்த பில் வந்ததும் வாங்க" என்று காரணத்தோடு சொன்னால் அவர்களும் வீணாக அலைய மாட்டார்கள்.

சரி, கைரேகை பதியவில்லை, அல்லது ஆதாரிலேயே முகவரியை மாற்றிவிடலாம் என்று அந்தப் பெண் நினைக்கிறாள். அப்பா பெயரிலுள்ள பில்லுக்கு வேலை வருவது இங்கேதான். குடும்பத் தலைவரின் சம்மதத்தோடு முகவரி மாற்றும் வசதியை ஆதார் ஆணையம் 2023 ஜனவரியில் கொண்டுவந்தது. மகள் மைஆதார் தளத்தில் அப்பாவின் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவைக் காட்டும் சான்றாக இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டைப் பதிவேற்ற வேண்டும். ஆம், உங்கள் கவுண்டரில் செல்லாத அதே ரேஷன் கார்டுதான். உறவுச் சான்று எதுவும் இல்லையென்றால் அதற்கென்று உள்ள படிவத்தில் அப்பா எழுதிக் கொடுத்தாலும் போதும். கட்டணம் கட்டியதும் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். முப்பது நாளுக்குள் அவர் அதே தளத்தில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் முடிந்துபோகும், கட்டிய காசும் திரும்ப வராது.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. மகளின் ஆதாரில் ஏறப்போவது அப்பாவின் ஆதாரில் இருக்கும் முகவரி, கரண்ட் பில்லில் இருப்பது அல்ல. இந்தக் குடும்பத்தில் அப்பாவின் ஆதாரும் தாராபுரம் முகவரியிலேயே இருந்தது. அப்படியே விண்ணப்பித்திருந்தால் பழைய முகவரியே மறுபடி வந்திருக்கும். அதனால் முதலில் அப்பா தன் பெயரிலுள்ள கரண்ட் பில்லை வைத்துத் தன் ஆதாரை மாற்றினார். ஆதாருக்கு மூன்று மாதத்துக்குள்ளான பில் போதும். அது மாறி வந்த பிறகுதான் மகள் விண்ணப்பித்தாள். அப்பாவின் ஆதாரில் இருந்த போன் எண் எப்போதோ தொலைந்துபோன சிம்முடையது. அதையும் ஆதார் மையத்தில் நேரில் போய் மாற்ற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் ஒப்புதல் கேட்கும் செய்தி அவருக்கு வந்தே இருக்காது. போன் எண், அப்பாவின் முகவரி, மகளின் முகவரி என்ற இந்த வரிசையை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால், சம்பளம் போட அவளுக்குக் கணக்கு இல்லாமல் நாங்கள் அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

வாக்காளர் அட்டைக்கும் இதே மாதிரி ஒரு கதவு திறந்திருக்கிறது. பதினெட்டு முடிந்தவர்கள் முதல்முறை பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6-ஐ எடுத்துப் பாருங்கள். இருப்பிடச் சான்று விண்ணப்பதாரர் பெயரில் இருக்கலாம், அல்லது அதே முகவரியில் ஏற்கனவே வாக்காளராக இருக்கும் அப்பா அல்லது அம்மா பெயரில் இருக்கலாம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. கரண்ட் பில்லும் அந்தச் சான்றுகளில் ஒன்று. அப்பாவின் ஓட்டு அவிநாசிக்கு மாறியிருந்தால் மகளுக்கும் அங்கேயே அட்டை வரும். அந்த அட்டை உங்கள் ஆறு ஆவணங்களில் ஒன்று. நாளாகும், அவசரத்துக்கு உதவாது. ஆனால் அரசுக் காகிதம் ஒன்றே அப்பா பெயரிலுள்ள பில்லை இவ்வளவு வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளும்போது, அதை மூட்டையில் கட்டி வை என்பது போல நாம் பேச வேண்டாமே.

அதுவரைக்கும் சம்பளம்? ஆறு ஆவணங்களில் ஒன்றுகூட இல்லாதவருக்குச் சிறு கணக்கு தொடங்கலாம் என்று விதி இருக்கிறது. தானே சான்றளித்த போட்டோ, உங்கள் அலுவலர் முன்னால் போடும் கையெழுத்து அல்லது கைநாட்டு, அவ்வளவுதான். வருடத்துக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரைக்கும்தான் வரவு, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவோ அனுப்பவோ முடியாது, இருப்பு எப்போதும் 50,000-ஐத் தாண்டக் கூடாது. முதலில் பன்னிரண்டு மாதம். ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு பன்னிரண்டு மாதம். மாதம் 10,000 என்பது செக்கிங் வேலைக்காரியின் சம்பளத்துக்கே பற்றாது, தெரியும். ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பதற்கு இது மேல். இப்படி ஒன்று இருப்பதை ஒரு கிளையில்கூட எங்கள் பிள்ளைகளிடம் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. கமிஷன் ஆசை காட்டிப் படிக்கிற பிள்ளைகளின் கணக்குகளை வாங்கித் திருட்டுப் பணத்தைச் சுழற்றும் கும்பல்கள் இருக்கின்றன. பிறகு ஆடிட்டில் கேள்வி கேட்பது உங்களைத்தான். ஆனால் கைரேகை வைத்து ஆதாரில் சரிபார்த்த பிள்ளையிடம், அவள் பெயரில் இருக்கவே முடியாத கரண்ட் பில்லைக் கேட்பதால் அந்தத் திருட்டு எதுவும் நிற்கப் போவதில்லை. வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்கள், எங்களால் உறுதி சொல்ல முடியும்.

கடைசியாக மூன்று விஷயம் கேட்கிறேன். சம்பளக் கணக்குக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் கைரேகை இ-கேஒய்சி போட்டுப் பாருங்கள், முகவரி வேறாக இருந்தால் அவர்களிடமே எழுதி வாங்குங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். யோசிக்காமல் கேஒய்சி விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது, காரணத்தை அலுவலர் பதிவு செய்ய வேண்டும் என்று 2025-இல் ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. அப்புறம், அந்த ஆறு ஆவணங்களையும், அப்பா அம்மா பெயரில் மட்டும் காகிதம் இருப்பவர்கள் போக வேண்டிய வழியையும் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சரிபார்த்து உங்கள் கிளை முத்திரையை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு சம்பளக் கணக்காளர்