ஏரியைச் சுத்தம் செய்ய வரத்துக்காலில் தொடங்குங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் புறநகர் ஏரியில் ஆகாயத்தாமரையை வாரி, வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் பாதி திரும்பத் தண்ணீருக்குள் சரிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் செடியும் சாக்கடைச் சத்தில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். குடியிருப்போர் சங்கங்கள் முதலில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலோரம் நடந்து, எந்தக் குழாய் கழிவுநீரைக் கொட்டுகிறது என்று படமெடுத்து உள்ளாட்சியிடம் மனு கொடுக்கட்டும். அதை அடைக்காமல் ஏரிக்குள் இறங்குவது வீண் வேலை. வாரிய செடியைக் கரைக்கு வெளியே கொண்டுபோய் மட்கவிடலாம்.

அப்புறம், மரம். ஒரு முழக் கன்றைச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஆம் தேதி நட்டால் வெயிலும் ஆடும் மிச்சம் வைக்காது. ஆளுயரக் கன்றாக வாங்கி, கூண்டு கட்டி, வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடவேண்டும். கரைச் சரிவுக்குப் பனங்கொட்டை போதும், பத்தடிக்கு ஒன்று. அதற்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நீர்மருதும் நாவலும் கரையை விட்டுத் தள்ளி. கன்றுகளுக்குச் சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று பெயர் எழுதிய பிறகே குழி வெட்டுங்கள். நட்ட எண்ணிக்கையை விட, அடுத்த ஆடியில் உயிரோடிருக்கும் எண்ணிக்கையைப் பத்திரிகைகள் கேட்டு எழுதலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்