வேலிக் கணக்கில் மூலையை இரண்டு முறை எண்ணியது குறித்த புகார்

அனுப்புநர்:
மனை உரிமையாளர்,
மணலி புதுநகர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வேலி அமைக்கும் நிறுவனம், மாதவரம், சென்னை.

பொருள்: கம்பி வேலிக்கான பில்லில் ₹8,200 கூடுதல், சரியாக ஊன்றப்படாத நான்கு போஸ்ட்டுகள்.

ஐயா,

மணலி புதுநகரில் உள்ள என் இரண்டு கிரவுண்ட் மனைக்கு உங்கள் ஆட்கள் வேலி போட்டு முடித்துவிட்டார்கள். பில் ₹54,100 என்று வந்திருக்கிறது. நாம் பேசிய விலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு போஸ்ட் ₹450, ஐந்தடி உயர செயின் லிங்க் வலை 50 அடி ரோல் ₹3,000, கூலி ரன்னிங் அடிக்கு ₹40. எண்ணிக்கைதான் தப்பு.

மனை 60-க்கு 80 அடி. சுற்றளவு 280 அடி. ரோட்டுப் பக்கம் கேட்டுக்கு 10 அடி விட்டிருக்கிறோம். கேட்டை வெல்டிங் பட்டறையில் தனியாகச் செய்யக் கொடுத்திருக்கிறேன், அது உங்கள் வேலையில் சேராது. ஆக வேலி ஓடுவது 270 அடிதான். பத்தடிக்கு ஒரு போஸ்ட் என்று பேசியபடி 27 இடைவெளி வரும். கேட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிவதால் ஒரு போஸ்ட் கூடும், மொத்தம் 28. மனையில் நிற்பதும் 28 தான்.

உங்கள் பில்லில் 32 இருக்கிறது. எப்படி என்று கேட்டபோது உங்கள் சூப்பர்வைசர் எழுதிக் காட்டினார்: 80 அடிப் பக்கத்துக்கு ஒன்பது, 60 அடிப் பக்கத்துக்கு ஏழு, அப்புறம் இரண்டால் பெருக்கல். ஒரு பக்கத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் மூலையில் நிற்கும் ஒரே போஸ்ட் இரண்டு பக்கங்களுக்கும் பொது. நான்கு மூலைகளையும் இரண்டு முறை எண்ணியதால் இல்லாத நான்கு போஸ்ட்டுகள் பில்லில் வந்துவிட்டன. மூலைக்கு இரண்டு, கேட்டுக்கு இரண்டு என்று சாய்வாக வைத்த பத்து முட்டுக்கால்களை நான் மறுக்கவில்லை. அவை இல்லாவிட்டால் வலையை இழுத்துக் கட்டும்போது மூலைப் போஸ்ட் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதையும் சேர்த்து 38 போஸ்ட்டுக்குத்தான் நான் பணம் தர வேண்டும், 42-க்கு இல்லை.

பெரிய தொகை போனது ரோலில். 80 அடிக்கு இரண்டு ரோல், 60 அடிக்கும் இரண்டு ரோல் என்று பக்கத்துக்குப் பக்கம் முழு ரோலாக எடுத்து, மொத்தம் எட்டு ரோல் போட்டிருக்கிறீர்கள். அது 400 அடி வலை. செயின் லிங்க் வலையை மூலையில் வெட்டியே ஆக வேண்டும் என்பதில்லை, போஸ்ட்டைச் சுற்றித் திருப்பிக் கொண்டுபோகலாம். ஒரு ரோல் முடிந்தால், ஓரத்தில் உள்ள ஒரு நெளிகம்பியைச் சுழற்றி உருவி, அடுத்த ரோலோடு கோத்துவிட்டால் வலை ஒன்றாகிவிடும். உங்கள் ஆட்களும் அப்படித்தான் அழகாகச் செய்திருக்கிறார்கள். நான்கு மூலையிலும் வெட்டே இல்லை, வேலி முழுக்க ஐந்து இணைப்புகள்தான் இருக்கின்றன. ஐந்து இணைப்பு என்றால் ஆறு ரோல். அந்த ஆறாவது ரோலிலும் 20 அடிதான் செலவாகியிருக்கிறது. மீதி 30 அடித் துண்டை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். முழு ரோலுக்கு நான் பணம் தருவதால் அந்தத் துண்டு எனக்குச் சேர வேண்டும். பின்னால் வலை எங்காவது அறுந்தால் ஒட்டுப்போட அதுதான் உதவும்.

கூலியிலும் கேட் இடைவெளியைக் கழிக்காமல் 280 அடிக்குப் போட்டிருக்கிறீர்கள்.

சரியான கணக்கு இது: போஸ்ட் ₹17,100, வலை ₹18,000, கூலி ₹10,800. மொத்தம் ₹45,900. முன்பணம் ₹30,000 கொடுத்துவிட்டேன். நான் தர வேண்டிய பாக்கி ₹15,900. நீங்கள் கேட்கும் ₹24,100 இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழடி போஸ்ட்டை இரண்டடி ஆழத்தில் ஊன்றுவதாகப் பேச்சு. பின்பக்க வரிசையில் நான்கு போஸ்ட்டுகள் தரைக்கு மேல் ஐந்தே முக்கால் அடி நிற்கின்றன. அப்படியானால் மண்ணுக்குள் இருப்பது ஒண்ணேகால் அடிதான். கையால் தள்ளினாலே ஆடுகிறது. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் பகுதியில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும். மண் ஊறினால் அந்த நான்கும் சாயும், வலை அவற்றோடு பக்கத்துப் போஸ்ட்டுகளையும் இழுக்கும். மழைக்கு முன்பே அவற்றைப் பிடுங்கி, இரண்டடிக் குழி எடுத்து, அடியில் கான்கிரீட் போட்டு ஊன்றித் தாருங்கள்.

திருத்திய பில், 30 அடி வலைத் துண்டு, நான்கு போஸ்ட் வேலை மூன்றும் முடிந்த அன்றே பாக்கி ₹15,900-ஐத் தந்துவிடுகிறேன். எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தால் சூப்பர்வைசரை அனுப்புங்கள், இருவரும் சேர்ந்தே வேலியைச் சுற்றி எண்ணலாம். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
மனை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், மூலைகளின் படங்கள், ஐந்து இணைப்புகளின் படங்கள், போஸ்ட் உயரத்தை டேப்பால் அளந்த படங்கள்.