மண்ணடி, பாரிமுனை கிளியரிங் அலுவலகங்களில் டியூட்டி எஸ்டிமேட் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் மாடிப்படி ஏறினால் வரும் சின்ன அலுவலகங்களில், பார்ட்டிக்கு 'டியூட்டி இவ்வளவு வரும், பணம் தயார் பண்ணுங்கள்' என்று சொல்வதற்கு ஒரு எக்செல் ஷீட் கட்டாயம் இருக்கும். உண்மையான டியூட்டியைக் கஸ்டம்ஸ் கணினியே போட்டுவிடுகிறது என்பது தெரிந்ததுதான். ஆனால் பார்ட்டி பணம் அனுப்புவது உங்கள் எஸ்டிமேட்டை நம்பி. அது ஒரு லட்சம் குறைந்தால் சரக்கு யார்டில் உட்கார்ந்திருக்கும், டெமரேஜ் ஏறும். அந்த ஷீட்டில் ரேட் எந்தத் தேதிக்கு எடுக்கப்படுகிறது என்பதைப் பற்றி மட்டுமே இந்த மடல்.

பல ஷீட்டுகளில் டாலர் ரேட் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது. புது ரேட் வந்ததும் பழையதை அழித்துவிட்டு அதிலேயே அடிக்கிறார்கள். போன மாத எஸ்டிமேட்டை இன்று திறந்தால் தொகையே மாறியிருக்கும். பார்ட்டி ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல எதுவும் மிஞ்சாது. ரேட்டை அழிக்காமல் வரிசையாகச் சேர்த்துவைக்க வேண்டும். ஒரு வரிக்கு கரன்சி, எந்தத் தேதியிலிருந்து அமல், ரேட் என்று மூன்றே பத்தி போதும். 'எதுவரை' என்ற பத்தி வேண்டாம். அடுத்த வரியின் தொடக்கமே முந்தைய வரியின் முடிவு. இரண்டையும் எழுதிவைத்தால் என்றாவது ஒருநாள் நடுவில் ஒரு நாள் விட்டுப்போகும், அல்லது ஒரே நாளுக்கு இரண்டு ரேட் வந்து நிற்கும்.

தேடும் விதியும் ஒன்றுதான்: பில் ஆஃப் என்ட்ரி தேதியைத் தாண்டாத அமல் தேதிகளில் மிகப் பிந்தியது எதுவோ, அந்த வரி. தேதி அப்படியே பொருந்த வேண்டும் என்று தேடினால் கிடைக்காது. அதற்காகச் சிலர் வருடத்தின் 365 நாளுக்கும் ரேட்டைக் கீழே இழுத்து நிரப்பிவைக்கிறார்கள். வேலை நடக்கும்தான், ஆனால் திருத்தம் வந்தால் பதினைந்து வரியை மாற்ற வேண்டும், அதில் பதினான்கைத்தான் மாற்றுவோம்.

'Rates' என்ற ஷீட்டில் A பத்தி கரன்சி, B அமல் தேதி, C ரேட் என்று வையுங்கள். கணக்கு ஷீட்டில் E2 கரன்சி, F2 பில் தாக்கல் செய்த தேதி. இரண்டு படியாக எடுக்கலாம்:

```
G2: =MAXIFS(Rates!B:B,Rates!A:A,E2,Rates!B:B,"<="&F2)
H2: =SUMIFS(Rates!C:C,Rates!A:A,E2,Rates!B:B,G2)
```

G2-வில் எந்த அமல் தேதி பிடிபட்டது என்பது வரும், H2-வில் அதன் ரேட். ஒரே ஃபார்முலாவில் முடித்துவிட வழி உண்டு. ஆனால் இப்படிப் பிரித்தால் தப்பு கண்ணில் படும். எந்த வரியைப் பிடித்தது என்று தெரியாத ரேட்டை யாரும் சரிபார்க்க முடியாது. MAXIFS எக்செல் 2019-லிருந்துதான் உண்டு. வரிகள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. VLOOKUP-ஐக் கடைசியில் TRUE போட்டுப் பயன்படுத்துபவர்கள் ஏறுவரிசையில் அடுக்க மறந்தால் அது எந்த எச்சரிக்கையும் தராமல் தப்பான வரியை எடுத்துக் கொடுத்துவிடும்.

இனி B பத்திக்கு வருவோம். பெரும்பாலான கோளாறு அங்கேதான் பிறக்கிறது. இறக்குமதிக்கான எக்ஸ்சேஞ்ச் ரேட் வழக்கமாக மாதத்தின் முதல் வியாழனும் மூன்றாம் வியாழனும் அறிவிக்கப்படும். அமலாவது மறுநாள் வெள்ளி. வாட்ஸப் குரூப்பில் வரும் படத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வியாழக்கிழமை தேதி. அதையே B-யில் அடித்தால் வியாழன் அன்று தாக்கல் செய்த பில்களுக்கெல்லாம் ஒரு நாள் முன்னதாகவே புது ரேட் போய்விடும். குரூப்பில் ரேட் அனுப்புபவர்களுக்கும் இங்கேயே ஒரு வேண்டுகோள்: 'இன்று முதல்', 'நாளை முதல்' என்று எழுதாதீர்கள், அமல் தேதியையே எழுதுங்கள். அந்தச் செய்தி மூன்று நாள் கழித்து ஃபார்வர்டாகிச் சுற்றும்போது 'நாளை' எது என்று யாருக்குத் தெரியும்?

அதைவிட மோசமானது தேதி மாறிப் பதிவது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில், அதாவது மாதம் முன்னால் வரும்படி அமைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்று 2024 ஜூன், ஜூலை தேதிகளை வைத்தே பாருங்கள். அமல் தேதிகள் 07/06/2024, 21/06/2024, 05/07/2024, 19/07/2024. ஷீட்டில் ஒட்டியதும் 07/06 என்பது ஜூலை 6 ஆகிவிடும், 05/07 என்பது மே 7 ஆகிவிடும். 21-ம் மாதமோ 19-ம் மாதமோ கிடையாது என்பதால் மற்ற இரண்டும் தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். MAXIFS அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இப்போது ஜூலை 18-ம் தேதி பில்லுக்கு ரேட் கேட்டால், ஜூலை 6 வரி பிடிபடும். அது உண்மையில் ஜூன் 7 ரேட். பிழைச் செய்தி எதுவும் வராது. நம்பத்தகுந்த ஒரு ரேட் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. Rates ஷீட்டில் D பத்தியில் கிழமையைக் காட்டுங்கள்:

```
D2: =TEXT(B2,"ddd")
```

எல்லா வரியிலும் Fri வர வேண்டும். மேலே சொன்ன ஜூலை 6 சனி, மே 7 செவ்வாய், உடனே மாட்டிக்கொள்ளும். எழுத்தாகக் கிடக்கும் தேதிக்குக் கிழமையே வராது, அடித்தது அப்படியே தெரியும். ரூபாய் திடீரென்று ஏறி இறங்கினால் இடையில் வேறு கிழமையிலும் திருத்தம் வரலாம், அந்த வரியை மட்டும் அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எழுத்துத் தேதியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணவும் முடியும்: நீங்கள் சீரமைப்பை மாற்றாத வரை தேதி கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும்.

மேலே உள்ள ஃபார்முலா இரண்டு விதமாகக் கோபம் காட்டும், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே கரன்சிக்கு ஒரே அமல் தேதியில் இரண்டு வரி இருந்தால் SUMIFS இரண்டையும் கூட்டி டாலரை 168 ரூபாய் என்று காட்டும். இது நல்லதுதான், கண்ணை உறுத்தும். பில் தேதிக்கு முன் எந்த வரியும் இல்லாவிட்டால் G2 பூஜ்யம் தரும். தேதி வடிவத்தில் அது 00-01-1900 என்று தெரியும். ரேட்டும் பூஜ்யம், டியூட்டியும் பூஜ்யம். அப்படி ஒரு எஸ்டிமேட் பார்ட்டிக்குப் போனால் அவர் சந்தோஷப்படுவார், மறுநாள் உங்கள் கதி தெரியும். ஜப்பான் யென்னுக்கும் கொரிய வோனுக்கும் அறிவிப்பு 100 அலகுக்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்; C-யில் அடிக்கும்போதே 100-ஆல் வகுத்துவிடுங்கள்.

அடுத்து, F2-வில் எந்தத் தேதி? எக்ஸ்சேஞ்ச் ரேட்டுக்கும் டியூட்டி விகிதத்துக்கும் ஒரே தேதியைக் கொடுப்பதுதான் அனுபவமுள்ள அலுவலகங்களிலும் நடக்கும் தவறு. கஸ்டம்ஸ் சட்டத்தின் 14-ம் பிரிவுப்படி எக்ஸ்சேஞ்ச் ரேட் பில் தாக்கல் செய்த தேதியில் அமலில் இருந்தது. 15-ம் பிரிவுப்படி டியூட்டி விகிதமும் தாக்கல் தேதியில் உள்ளதே. ஆனால் கப்பலுக்கு என்ட்ரி இன்வேர்ட் கிடைக்கும் முன்பே பில் போட்டிருந்தால், இன்வேர்ட் கிடைத்த தேதியில்தான் அது தாக்கலானதாகக் கருதப்படும். ஆகவே டியூட்டி பட்டியலுக்குப் போகும் தேதி தனி:

```
K2: =MAX(F2,J2)
```

J2 இன்வேர்ட் தேதி. கப்பல் வெளியே நங்கூரமிட்ட தேதியும் இல்லை, பெர்த்துக்கு வந்த தேதியும் இல்லை. J2 காலியாக இருந்தால் K2 சத்தமில்லாமல் தாக்கல் தேதியையே எடுத்துக்கொள்ளும். அந்த எஸ்டிமேட்டில் 'இன்வேர்ட் ஆகவில்லை, மாறலாம்' என்று ஒரு வரி அச்சாகும்படி வையுங்கள்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2024 ஜூலை 23-ல் பட்ஜெட் வந்தது. செல்போன் சார்ஜருக்கான அடிப்படைச் சுங்க வரி 24-ம் தேதி முதல் 20 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. சார்ஜர் சரக்கு, மதிப்பு 20,000 டாலர், பில் போட்டது ஜூலை 18 வியாழன், இன்வேர்ட் ஜூலை 24 என்று வைத்துக்கொள்வோம். ரேட்டுகள் கணக்கு எளிதாக இருக்க நாம் வைப்பவை: ஜூலை 5 முதல் 84.00, ஜூலை 19 முதல் 84.50.

18-ம் தேதிக்கு ஜூலை 5 வரிதான் பிடிபட வேண்டும். மதிப்பு 16,80,000 ரூபாய். டியூட்டிக்கான தேதி 24, எனவே 15 சதவீதம், 2,52,000 ரூபாய். இரண்டுக்கும் தாக்கல் தேதியையே வைத்தால் 3,36,000 வரும், பார்ட்டியிடம் 84,000 ரூபாய் அதிகமாகக் கேட்டிருப்போம். இரண்டுக்கும் இன்வேர்ட் தேதியை வைத்தால் 2,53,500. அதாவது 1,500 ரூபாய் வித்தியாசம், இந்தச் சின்ன தப்புதான் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடும். மற்ற செஸ், ஐஜிஎஸ்டி எல்லாம் இதன் மேல் ஏறுபவை என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

பாண்டட் கிடங்குக்குப் போன சரக்கில் இந்தப் பிரிவினை இன்னும் கூடுதல் நாளுக்கு நீளும். எக்ஸ்சேஞ்ச் ரேட் முதலில் போட்ட இன்டு-பாண்ட் பில் தேதியோடு நின்றுவிடும். டியூட்டி விகிதம் எக்ஸ்-பாண்ட் பில் தேதிக்கு. ஆறு மாதம் கழித்து வெளியே எடுக்கும் சரக்குக்கு அன்றைய டாலர் ரேட்டைப் போட்டு எஸ்டிமேட் கொடுப்பது வீண் பிரச்சினை.

டியூட்டி பட்டியலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எக்ஸ்சேஞ்ச் ரேட் அடுத்தது வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சலுகை நோட்டிஃபிகேஷன்கள் பல 31 மார்ச் போல ஒரு தேதியோடு செத்துவிடும், அதன் இடத்தில் புதிதாக ஒன்றும் வராமலே போகலாம். 'எதுவரை' பத்தி வேண்டாம் என்றோம் அல்லவா? அப்படியானால் சலுகையைப் பதியும் அன்றே, அது முடியும் மறுநாளுக்கு, சலுகையில்லாத விகிதத்தோடு இன்னொரு வரியையும் பதிந்துவிட வேண்டும். சலுகை நீட்டிக்கப்பட்டால் அந்த வரியை நீக்கிக்கொள்ளலாம். பதியாமல் விட்டால் ஏப்ரலிலும் பழைய சலுகையே வந்துகொண்டிருக்கும்.

பட்டியலைத் திருத்தியதும் ஒரு சோதனை செய்யுங்கள். F2-வில் ஏதாவது ஒரு அமல் தேதியை அடியுங்கள், பிறகு அதற்கு முந்தைய நாளை, பிறகு மறுநாளை. முதலுக்கும் மூன்றாவதுக்கும் G2-வில் அதே தேதி வர வேண்டும், நடுவில் அடித்த முந்தைய நாளுக்கு ஒரு வரி முன்னால் உள்ளது. மூன்றும் சரியாக வந்தபின் அந்த ஷீட்டில் எஸ்டிமேட் போடுங்கள்.

இப்படிக்கு,
ரேட் பட்டியல்களோடு வேலை செய்யும் வடசென்னைக்காரர்கள் சிலர்