மல்லாந்த கரப்பானும் மறைத்த இரண்டாம் தடவையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர் கேபிளில் கொஞ்ச நாளாக ஒரு பெஸ்ட் கண்ட்ரோல் விளம்பரம் ஓடுகிறது. ஒருவர் முகமூடி கூட இல்லாமல் அடுப்படியில் மருந்தடிக்கிறார். கரப்பான்கள் மல்லாந்து விழுகின்றன. பக்கத்திலேயே ஒரு குழந்தை சாப்பிடுகிறது! 'ஒரே தடவை போதும், ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை' என்று முடிக்கிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

காந்தி ரோடு பக்கம் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறேன். வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கி, அவர்களே சமைத்துக்கொள்வார்கள். அவர்களுடைய அட்டைப்பெட்டிகளோடு சின்ன ஜாதிக் கரப்பானும் வந்து இறங்கிவிடும். மருந்தடித்த அன்று முறத்தில் அள்ளிக் கொட்டினோம். நாலாவது வாரம் பார்த்தால் குஞ்சுகளாக ஓடுகின்றன.

அப்புறம் வந்த வேறொரு ஆள்தான் காரணம் சொன்னார். ஒரு முட்டைப்பைக்குள் 30, 40 முட்டை இருக்கும். மருந்து அதைத் துளைக்காது. தாய் செத்தாலும் முற்றிய பை பொரிந்துவிடும். அவர் ஸ்ப்ரேயைத் தொடவே இல்லை. அலமாரிக் கீல், சிங்க்குக்கு அடியில், ஃபிரிட்ஜின் பின்புறம் என்று மிளகளவு ஜெல் பொட்டுகள் வைத்தார். அதன் மேல் வேறு மருந்தோ ஃபினாயிலோ பட்டால் கரப்பான் ஜெல்லைத் தின்னாது என்று எச்சரித்தார். ஜெல் வைப்பதற்கு முன் ஒட்டு அட்டையை மூன்று ராத்திரி வைத்து, அதில் ஒட்டிய கரப்பான்களை எண்ணினோம்: 46. பத்து நாள் கழித்து அதே இடத்தில், அதே மூன்று ராத்திரி: 9. நாலாவது வாரம் 17, அத்தனையும் குஞ்சு. அன்றே மறுபடி ஜெல் வைத்தார். அடுத்த எண்ணிக்கை 3.

விளம்பரத்தில் காட்ட வேண்டியது இந்த அட்டைகளைத்தான், தேதியோடு. கரப்பான் துடிப்பதைக் காட்டினால் அன்றைக்குச் செத்தது மட்டும்தான் தெரியும். ஸ்கிரிப்ட் நானே எழுதிப் பார்த்தேன்: "இன்று ஜெல் வைக்கிறோம். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்கிறோம். முதல் வாரம் கரப்பான் கண்ணில் படும், பயப்படாதீர்கள். மூன்று, நான்கு வாரத்தில் முட்டை பொரிந்ததும் மறுபடி வருவோம், அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டணம். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அட்டை வைத்துப் பார்ப்போம். புதுப் பெட்டியோடு புதுக் கரப்பான் வந்தால் திரும்பவும் வேலை இருக்கும்."

'முற்றிலும் பாதுகாப்பானது' என்ற வரி இதில் கிடையாது. பூச்சிமருந்து லேபிளில் அப்படிப் போட 1971ஆம் வருஷப் பூச்சிக்கொல்லி விதிகளே இடம் தருவதில்லை. 'சொன்னபடி பயன்படுத்தினால்' என்று சேர்த்துக்கொண்டாலும் கூடாது. டப்பாவில் போடக்கூடாததை டிவியில் மட்டும் சொல்லலாமா?

அந்த நாலு அட்டைகளின் போட்டோவும் என் போனில் இருக்கிறது. விளம்பரம் எடுக்கிறவர்கள் கேட்டால் சும்மாவே தருகிறேன்.

இப்படிக்கு,
லாட்ஜ் நடத்தும் வாசகர்,
வேலூர்