எங்கள் கண்காணிப்பாளர் அம்மாவுக்கு நன்றி மடல்

தலைமையேற்றிருக்கும் அலுவலர் ஐயா அவர்களே, பணி ஓய்வு பெறும் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, அவர்தம் குடும்பத்தாரே, அலுவலக நண்பர்களே, வணக்கம்.

நிர்வாகப் பிரிவின் சார்பில் இந்த மடலை வாசிக்கிறேன். சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் பதினோரு வருடம் வரைவு எழுதித் திருத்து வாங்கியவன் என்பதால் சுருக்கம் எனக்குப் பழகிவிட்டது. நான் ஒரு பக்கம் எழுதி வைத்தால் ஆறு வரிதான் மிஞ்சும்.

அம்மா, நீங்கள் கறாரானவர். அதை மேடையில் மறைக்க வேண்டியதில்லை. 10.10 ஆனால் வருகைப்பதிவேடு உங்கள் மேசைக்குப் போய்விடும். தன்பதிவேட்டைப் பார்க்கும் நாளில் புதிய தபாலைத் தொடவே மாட்டீர்கள், நேராகப் பழைய நிலுவைக்குப் போவீர்கள். "இது ஏன் நிக்குது?" என்ற கேள்விக்குப் பயந்தே நாங்கள் முந்தின நாள் மாலை உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். ஆனால் உண்மையாகவே நின்றுபோன கோப்பு என்றால் நீங்கள் குறிப்பாணை எழுதியதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

அப்படி உட்கார்ந்த ஒரு கோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணன் 2022 மே 31 அன்று ஓய்வு பெற இருந்தார். அதற்கு ஏழெட்டு மாதம் முன்பு ஓய்வூதிய முன்மொழிவு தயாரிக்க அவருடைய பணிப்பதிவேட்டை எடுத்தேன். 1994 ஏப்ரலில் சேர்ந்தவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்கள் முன் வைத்தேன். நீங்கள் பணிசரிபார்ப்புப் பதிவுகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். 2001 மார்ச் முதல் 2002 ஏப்ரல் வரை பதினான்கு மாதத்துக்குச் சான்று இல்லை. வேறோர் அலுவலகத்திலிருந்து அவர் மாறுதலில் வந்த காலம் அது. அங்கே எழுத மறந்திருக்கிறார்கள், இங்கே யாரும் கேட்கவில்லை.

பதினான்கு மாதம்தானே என்றேன். நீங்கள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். கடைசி ஊதியத்தில் பாதி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள். முழு ஓய்வூதியத்துக்கு முப்பது ஆண்டு, அதாவது அறுபது அரையாண்டு வேண்டும். அவருக்கு இருப்பது 28 ஆண்டு 2 மாதம், ஐம்பத்தாறு அரையாண்டு, 18,667 வரும். பதினான்கு மாதம் போனால் ஐம்பத்து நான்கு, 18,000 தான். மாதாமாதம் 667 ரூபாய், அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்து, ஆயுள் முழுக்கப் போகும். "அவரு வேலை பார்த்த நாளுக்கு நாம என்ன பதில் சொல்றது?" என்றீர்கள்.

பழைய அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினோம். பிறகு நீங்களே என்னை அழைத்துக்கொண்டு போனீர்கள். அந்த அலுவலகப் பதிவறை எழுத்தர் பரண் மேல் ஏறி, கரையான் அரித்த கட்டுகளைப் பிரித்துத் தேடினார். பதினோரு மாதச் சம்பளப் பட்டியல் கிடைத்தது. மீதி மூன்று மாதம் இல்லை. அப்போதுதான் அண்ணனிடம் பழைய வருங்கால வைப்பு நிதிக் கணக்குச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டீர்கள். வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அந்த மூன்று மாதமும் சந்தா பிடித்தது அதில் இருந்தது. சம்பளம் வாங்காமல் சந்தா பிடிக்க முடியாதே! அந்த ஆதாரத்தோடு சான்று வாங்கி, பதிவேட்டில் எழுதி, முன்மொழிவு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குத் தாமதமில்லாமல் போனது.

அந்த அண்ணன் இன்று முன்வரிசையில் இருக்கிறார். பரணில் ஏறியவரையும் அழைத்திருக்கிறோம், அவருக்கும் எங்கள் நன்றி. ஆண்டிறுதி மாதங்களில் இரவு எட்டு மணி வரை அம்மாவை எங்களுக்கு விட்டுக்கொடுத்த அவர் வீட்டாருக்குத் தனி நன்றி.

அம்மா, ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பணிப்பதிவேட்டை நானும் விரல் வைத்துப் படித்தேன், ஒரு மாதமாவது விட்டுப்போயிருக்காதா என்று. எதுவும் சிக்கவில்லை. உங்கள் ஓய்வூதிய ஆணை வந்துவிட்டது. அதை அலுவலர் ஐயா இப்போது உங்களிடம் வழங்குவார். அன்புகூர்ந்து மேடைக்கு வாருங்கள்.