வாயில் மூடும் நேரத்தைப் பெரிதாக அச்சிடுங்கள்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுழைவுத் தேர்வுகளையும் அரசுப் பணித் தேர்வுகளையும் நடத்தும் அமைப்புகளின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு,

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு பழகி வருபவன் நான். ஹால் டிக்கெட் வெளியானதும் அதை எடுத்துக்கொண்டு வந்து, "எத்தனை மணிக்குப் போகவேண்டும்?" என்று கேட்பார்கள். படித்தவர்கள்தாம் கேட்கிறார்கள், பட்டதாரிகளும் உண்டு. சீட்டிலேயே மூன்று நேரங்கள் இருக்கின்றன. எந்த நேரம் எதற்கு என்பதுதான் சீட்டில் தெளிவாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல். தேர்வர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், நீங்கள் மாற்றும்வரை அவர்கள் சீட்டை எப்படிப் படிக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நேரம், வருகை நேரம்: மையத்தின் முன் வந்து நிற்க வேண்டிய நேரம். இரண்டாவது, வாயில் மூடும் நேரம். மூன்றாவது, தேர்வு தொடங்கும் நேரம். முதல் நேரத்தைத் தவறவிட்டால் வரிசையில் பின்னால் நிற்க நேரும், அவ்வளவுதான். மூன்றாவதைத் தேர்வர் தவறவிடவே முடியாது, ஏனென்றால் அதற்குள் அவர் உள்ளே இருப்பார் அல்லது வெளியே நிறுத்தப்பட்டிருப்பார். ஆண்டு முழுவதும் படித்த படிப்பை ஒரே நிமிடத்தில் வீணாக்கக்கூடியது நடுவில் இருக்கும் நேரம் ஒன்றுதான். வீட்டில் பேசும்போதோ "பத்து மணிக்குப் பரீட்சை" என்று மூன்றாவதைத்தான் சொல்கிறோம். அம்மா அலாரம் வைப்பதும் அப்பா ஆட்டோ சொல்வதும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான். நெடுங்காலப் பள்ளிப் பழக்கம் அது. சீட்டைப் பார்த்தவுடன் மாறிவிடாது.

நீட் தேர்வை எடுத்துக்கொள்வோம். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, வாயில் மூடுவது 1.30 மணிக்கு, உள்ளே விடத் தொடங்குவது முற்பகல் 11 மணிக்கு. நடுவில் உள்ள அரை மணி நேரத்தை எதற்காக வீணடிக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது வீணாவதில்லை. 2024ஆம் ஆண்டின் கால அட்டவணைப்படி 1.15 மணிக்குள் தேர்வர் தம் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். 1.30 முதல் 1.45 வரை அறிவிப்புகளும் நுழைவுச்சீட்டுச் சரிபார்ப்பும் நடக்கும். 1.45 மணிக்கு வினாத்தொகுப்பு கைக்கு வரும். 1.50 மணிக்கு அதில் தம் விவரங்களை நிரப்பத் தொடங்குவார்கள். வினாத்தாள் கைமாறத் தொடங்கும் வேளையில் வாயில் திறந்திருந்தால், உள்ளிருப்பவரும் வெளியிலிருப்பவரும் ஒருவரையொருவர் எட்டிவிடலாம். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே பூட்டுகிறீர்கள். காரணம் நியாயமானது. அந்த ஒரு வரியைச் சீட்டில் அச்சிட்டிருந்தால், வாயிலில் நிற்கும் காவலரிடம் "இன்னும் அரை மணி இருக்கிறதே ஐயா" என்று யாரும் கெஞ்சிக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

மேலே சொன்னதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1.15 மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும், வாயிலோ 1.30 வரை திறந்திருக்கும். ஆகவே வாயில் மூடும் நேரத்துக்கு வந்தாலே அவர் ஏற்கெனவே தாமதம்தான். வாயிலுக்கும் இருக்கைக்கும் இடையில் சோதனை, அடையாள அட்டை பார்ப்பது, பயோமெட்ரிக் பதிவு, அறை எண்ணைத் தேடுவது எல்லாம் இருக்கின்றன. மத, மரபுசார்ந்த உடை அணிந்து வருபவர்கள் கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக, அதாவது 12.30 மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று நீட் அறிவுறுத்தல்களில் இருந்தது. சோதனைக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால்தான் அது. அப்படியானால் அவர்களுடைய சீட்டில் மட்டும் நேரம் வேறு. இது அறிவுறுத்தல் பக்கங்களின் நடுவே புதைந்து கிடந்தால் யார் கண்ணில் படும்?

இனி டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்கு வருகிறேன், எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் எழுதுவது அதைத்தான். தேர்வு காலை 9.30 மணிக்கு என்றால், வருகை நேரம் 8.30 என்றும் சலுகை நேரம் 9.00 என்றும் சீட்டில் இருக்கும். 9 மணிக்குப் பின் அனுமதி இல்லை. வேறு ஊரில் மையம் கிடைத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், இறங்கிப் பள்ளியைத் தேடி நடக்க இருபது நிமிடம். ஆக ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். 9.30இலிருந்து கழித்தால் 7.55 வருகிறது. பதினைந்து நிமிடம் கையில் இருக்கட்டும் என்று 7.40க்கே பஸ் ஏறிவிடுகிறார். எல்லாம் அவர் கணக்குப்படியே நடக்கிறது, பஸ் தாமதமாகவில்லை, வழி தவறவில்லை. 9.15க்குப் பள்ளி வாசலில் நிற்கிறார். வாயில் மூடிக் கால் மணி ஆகிவிட்டது.

அவர் சோம்பேறி இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. கணக்கை எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பிசகு. அதே பெண் 8.30இலிருந்து பின்னோக்கி எண்ணியிருந்தால் 6.55 வரும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவாக ஓடும், நிறுத்தத்தில் இருபது நிமிடம் காத்திருக்க நேரலாம் என்று சேர்த்தால் 6.35க்கு நிறுத்தத்தில் இருக்க வேண்டும். இரண்டு கணக்குக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. 8.30க்கும் 9க்கும் இடையில் உள்ள அரை மணி, பஸ் பழுதானால் ஈடுகட்ட. அதைப் பயணத் திட்டத்துக்குள்ளேயே செலவழித்துவிட்டால் பிறகு ஈடுகட்ட எதுவும் மிஞ்சாது. இப்படிப்பட்ட சீட்டில் "சலுகை" என்று எழுதுவதற்குப் பதில் "9 மணிக்கு வாயில் மூடப்படும்" என்றே அச்சிட்டுவிடுங்களேன்.

ஒரே விதி எல்லாத் தேர்வுக்கும் பொருந்தும் என்று நினைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. யுபிஎஸ்சி குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில், முன்பு தேர்வு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்புவரை உள்ளே விட்டார்கள். 9.30 மணித் தேர்வுக்கு 9.20 வரை போகலாம். 2024இல் அது அரை மணி நேரமாக மாறியது: காலை 9 மணி, பிற்பகல் 2 மணி. புதிதாக எழுதுபவர் சீட்டைப் படிப்பார். மூன்றாம் முறை எழுதுபவர் படிக்கமாட்டார், தமக்குத் தெரியும் என்று நினைப்பார். மாற்றம் அனுபவசாலிகளைத்தான் பிடிக்கிறது. அதோடு அந்தத் தேர்வில் வாயில் ஒரே நாளில் இரண்டு முறை மூடுகிறது. 11.30க்கு முதல் தாள் முடிந்து சாப்பிட வெளியே போகிறவர், காலையிலேயே உள்ளே போய்விட்டோம் என்ற நிம்மதியில், இரண்டாம் தாள் தொடங்கும் 2.30 மணியை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்புவார். அவருக்கும் 2 மணிதான் எல்லை.

வங்கிப் பணித் தேர்வுகளில் நிலை வேறு. ஐபிபிஎஸ் அழைப்புக் கடிதத்தில் இருப்பது வருகை நேரம்தான். அது தேர்வு தொடங்கும் நேரத்துக்கு முந்தையது என்றும், பிந்தி வருபவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள் என்றும் குறிப்பு இருக்கும். அதாவது இங்கே முதல் நேரமே வாயில் மூடும் நேரத்தின் வேலையையும் செய்கிறது. நீட் எழுதிப் பழகிய ஒருவர், வருகை நேரத்துக்குப் பின்னும் கொஞ்சம் இடம் இருக்கும் என்று எண்ணினால் ஏமாறுவார். தேர்வர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சீட்டில் மூன்று நேரம் இருந்தால் வருகை நேரத்தை இலக்காகவும் வாயில் நேரத்தை எல்லையாகவும் வையுங்கள். ஒரே நேரம் மட்டும் இருந்தால் அதையே வாயில் மூடும் நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு தொடங்கும் நேரத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவே வேண்டாம்.

தேர்வு நகரம் எது என்று முன்கூட்டி வரும் அறிவிப்பை நுழைவுச்சீட்டு என்று எண்ணிவிட வேண்டாம். அதில் மையத்தின் முகவரியும் வாயில் நேரமும் இருக்காது. சில வேளை திருத்திய சீட்டும் வெளியிடப்படுகிறது. முதல் நாள் மாலை இணையதளத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

கட்டுப்பாட்டு அலுவலர்களே, உங்களிடம் கேட்பவை சிலவே. வாயில் மூடும் நேரத்தைச் சீட்டின் மேல்பகுதியில், தேர்வர் பெயருக்கு அருகில், மற்ற இரண்டையும்விடப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். "பிற்பகல்" என்ற சொல்லோடு அச்சிடுங்கள். 14.00 என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்குப் புரியும், சீட்டை வாங்கிப் பார்க்கும் தாத்தாவுக்குப் புரியாது.

அடுத்து, எந்த வாயில் என்று எழுதுங்கள். கல்லூரி வளாகங்களில் சாலையோர வாயில் ஒன்று, அங்கிருந்து தேர்வுக் கட்டடம் அரைக் கிலோமீட்டர் உள்ளே. 1.29க்குச் சாலை வாயிலைத் தாண்டியவர் 1.36க்குப் பதிவு மேசைக்கு வருகிறார். அவர் உரிய நேரத்தில் வந்தவரா, பிந்தியவரா? வெளியே வரிசையில் 1.20 முதல் நின்று, சோதனை மெதுவாக நடந்ததால் 1.30க்கு இன்னும் வாயிலைத் தொடாதவர் என்ன ஆவார்? மையக் கண்காணிப்பாளரின் மனநிலையைப் பொறுத்து விடை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மையத்தில் வரிசையின் கடைசி ஆள்வரை உள்ளே அழைத்துக்கொண்டு பிறகு பூட்டினார்கள். இன்னொன்றில் வரிசையின் நடுவே கதவு விழுந்தது. கடிகாரமும் அப்படித்தான், காவலரின் கைக்கடிகாரமும் தேர்வரின் கைப்பேசியும் ஒத்துப்போகாவிட்டால் எது செல்லும் என்று எங்கும் எழுதப்படவில்லை. "வாயில் மூடும்போது வரிசையில் நிற்பவர்கள் அனைவரும் அனுமதிக்கப்படுவர்" என்றோ, "அனுமதிக்கப்படமாட்டார்கள்" என்றோ ஏதாவது ஒன்றை எழுதிவிடுங்கள். இரண்டாவதாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டு வருவார்கள். என் விருப்பம் முதலாவது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, தேர்வரின் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கிறது, குறுஞ்செய்தியும் அனுப்புகிறீர்கள். நுழைவுச்சீட்டைப் பதிவிறக்கம் செய்யுங்கள் என்பதோடு அது நின்றுவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் இன்னொரு செய்தி அனுப்புங்கள். மையத்தின் பெயர், வாயில் மூடும் நேரம், இந்த இரண்டு மட்டும் அதில் இருந்தால் போதும். தேர்வு தொடங்கும் நேரத்தை அதில் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
தேர்வர்களின் நுழைவுச்சீட்டுகளைப் படித்துக் காட்டும் ஒருவன்